புகாருக்கு முதல் பதில் எழுதும்போது

“இரண்டு முறை பணம் எடுத்துவிட்டீர்கள்” என்று வாடிக்கையாளர் மின்னஞ்சல் அனுப்புகிறார். பதறிப்போய் நாம் இப்படி எழுதுவோம்: “மன்னிக்கவும், எங்கள் சர்வர் கோளாறுதான் காரணம். நாளைக்குள் பணம் வந்துவிடும். இனி இப்படி நடக்கவே நடக்காது.”

நல்ல மனசுதான். ஆனால் இதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. காரணத்தை இன்னும் யாரும் சோதிக்கவில்லை. தவறு வங்கிப் பக்கமாகவும் இருக்கலாம். பணம் திரும்பும் நாள் வங்கியின் கையில் இருக்கிறது. கடைசி வரி யாராலும் காப்பாற்ற முடியாத உறுதிமொழி. பின்னால் வழக்கு என்று வந்தால், இந்த மின்னஞ்சலையே நிறுவனம் ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகக் காட்டுவார்கள்.

அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: “உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டதாக நீங்கள் சொன்னதைப் பதிவுசெய்து, எங்கள் கணக்குப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம். சரிபார்ப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று வியாழன் மாலைக்குள் எழுதுகிறோம்.”

சிரமத்துக்கு வருந்துவது வேறு, காரணத்தை ஏற்பது வேறு. “நீங்கள் சொன்னதை” என்ற சொற்கள்தான் இரண்டையும் பிரிக்கின்றன. நாளும் குறித்திருக்கிறோம், ஆனால் பணத்துக்கு அல்ல, நம் அடுத்த மின்னஞ்சலுக்கு. அது நம் கையில் இருக்கிறது. வியாழன் அன்று எதுவும் தெரியாவிட்டாலும் அதையே எழுதிவிடுங்கள்.

அதற்காகத் தவறை மறைக்கக் கூடாது. “எங்கள் தவறே இல்லை” என்று சோதிக்காமல் மறுப்பதும் அதே ஆபத்துதான். தவறு உறுதியானால், சட்டப் பிரிவு பார்த்த பிறகு தெளிவாகச் சொல்லுங்கள். அப்புறம், அனுப்பிய மின்னஞ்சலை மட்டும் அழிக்காதீர்கள்.