ஓதம் அடிக்கும் வீட்டில் கேம் கொன்சோலை எடுத்து வைப்பது எப்படி

போன வருஷம் தம்பி வேலைக்குக் கொழும்புக்குப் போகும்போது தன்னுடைய பிளேஸ்டேஷன் 2 ஸ்லிம்மை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். நான் செய்த முதல் காரியமே தப்பு. தூசி படக்கூடாதென்று ஷொப்பிங் பேக்கில் இறுக்கிச் சுற்றி, அதை அதனுடைய அட்டைப் பெட்டிக்குள் வைத்து அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். எங்கள் வீடு தலவாக்கலைப் பக்கம். மே மாசம் தொடங்கும் தென்மேல் பருவமழை செப்டெம்பர் வரைக்கும் விடாது, மழை விட்டால் மூட்டம் இறங்கும், துவைத்த துணி நாலு நாளாகியும் காயாமல் ஒரு வாடை அடிக்கும். ஆகஸ்ட்டில் எடுத்துப் பார்த்தால் பையின் உள்பக்கம் முத்து முத்தாக நீர், கன்ட்ரோலரின் ரப்பர் குமிழ்மேல் வெள்ளைப் பூசணம். டிஸ்க்கைப் போட்டால் சிவப்புத் திரையில் `Please insert a PlayStation or PlayStation 2 format disc` என்று வந்து நின்றது. போட்டிருந்தது நல்ல ஒரிஜினல் டிஸ்க்.

நல்லவேளை, அது சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பண்டாரவளை, பதுளைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் மழைக்காலம், அதனால் மாசத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், வேலை ஒன்றுதான்.

தேவையானவை

ரப்பர் வார் வைத்து, நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று (என்னுடையது 40 லீட்டர்). ஈரமானி, அதாவது காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 200 கிராம். சமையலறைத் தராசு. இவ்வளவுதான். சிலிக்கா ஜெல்லில் நீலத்திலிருந்து ரோஸாக மாறும் வகையும் கிடைக்கும், அதில் கோபால்ட் குளோரைட் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் வீட்டில் வைத்து வறுப்பதற்கு அது வேண்டாம், செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறுவதை வாங்குங்கள்.

அரிசிக்குள் போட்டு வைக்கலாமே என்று அம்மா கேட்டார். அரிசியிலேயே நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு தண்ணீர் இருக்கிறது, அது இன்னும் எவ்வளவு உறிஞ்சும்? போதாததற்குத் தவிட்டுத் தூளும் வண்டும் கூடவே வரும். அலுமாரிக்கு வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் நன்றாகவே உறிஞ்சுகின்றன, ஆனால் உறிஞ்சியது அடியில் உப்புத் தண்ணீராகத் தேங்கும். பெட்டி ஒருமுறை சரிந்தால் அந்தத் தண்ணீர் நேராகச் சர்க்கியூட் போர்டுக்குத்தான் போகும். அந்துருண்டையும் போடாதீர்கள், அதன் ஆவி சிடி உறைகளின் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

படி 1: மீட்டரைச் சோதியுங்கள்

மலிவான மீட்டர்கள் ஐந்து, ஆறு சதவீதம் முன்பின்னாகக் காட்டும். ஒரு சோடா மூடியில் உப்பைப் போட்டு, கரைந்து ஓடாமல் ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சில துளி தண்ணீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் ஒரு சிப் பையில் போட்டு இறுக்கி மூடி, ஒரு இரவு அப்படியே விடுங்கள். அறை வெப்பநிலையில் ஈர உப்புக்கு மேலே இருக்கும் காற்று 75 சதவீதத்தில் நிற்கும், அதை யாராலும் மாற்ற முடியாது. என் மீட்டர் 71 காட்டியது. ஆகவே அது என்ன காட்டினாலும் நான் நாலைக் கூட்டிக்கொள்கிறேன்.

படி 2: வைப்பதற்கு முன் சுத்தம்

தூசிதான் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சர்க்கியூட் போர்டில் தூசி படிந்த இடத்தில் ஈரம் சேர்ந்தால் இரண்டு ஈயப்பற்றுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கசியும், நாளடைவில் அந்த இடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறும். விறகு அடுப்பு எரியும் வீடென்றால் கரியும் சேர்ந்துவிடும். காற்றுத் துளைகளை மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். கரப்பான் எச்சம் கறுப்புப் பொட்டுகளாகத் தெரிந்தால் மட்டும் திறந்து துடைக்க வேண்டும், அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பேட்டரி போடும் கன்ட்ரோலர் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

லென்ஸ் விஷயத்தில் ஸ்லிம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம்: மூடியைத் திறந்தாலே கண்ணெதிரே இருக்கும், ஒரு திருகும் கழற்ற வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, டோர்ச் லைட்டை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். முழுக்க ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் அது ஆவியோ புகைப்படலமோதான். மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து போகும் மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூசணம். தம்பியுடையதில் முதலாவதுதான் இருந்தது. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் ஒரு துளி, ஒரே துளி, தொட்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாக ஒற்றி எடுத்தேன். அழுத்தவே கூடாது, ஏனென்றால் அந்த லென்ஸ் தலைமுடி அளவு மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வாயால் ஊதவும் கூடாது, எச்சில் துளி போய் ஒட்டும். பாமசியில் விற்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் வேறு பொருட்களும் கலந்திருக்கும், காய்ந்த பிறகு அது ஒரு படலத்தை விட்டுப்போகலாம். இலக்ட்ரோனிக்ஸ் கடையில் கேட்டு வாங்குவதே நல்லது.

படி 3: டிஸ்க்

சிடியைப் பலர் தலைகீழாகத்தான் பாதுகாக்கிறார்கள். பளபளக்கும் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமான தடிப்பில் பிளாஸ்டிக் இருக்கிறது. படம் அச்சடித்த மேல்பக்கத்தில் அலுமினியப் படலத்துக்கு மேலே வெறும் வார்னிஷ் பூச்சு மட்டும்தான். ஈரம் அந்தப் பக்கத்திலிருந்துதான் இறங்கி அலுமினியத்தைத் தின்னும். டிவிடியில் உலோகப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவில் ஒட்டப்பட்டிருப்பதால் அது கொஞ்சம் தாங்கும், அதிலும் விளிம்புப் பசை விட்டுப்போனால் ஓரத்திலிருந்து கறை உள்ளே நகரும். பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகளில் பெரும்பாலானவை டிவிடி, அடிப்பக்கம் நீலமாக இருப்பவை சிடி. முதலில் அந்த நீலத்தைத்தான் கவனியுங்கள். பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசி குத்தியது போல வெளிச்சப் பொட்டுகள் தெரிந்தால் அந்த இடத்தில் அலுமினியம் போய்விட்டது, அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

மேலே பூசணம் மட்டும் என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப் ஒரு துளி விட்டுக் கழுவி, நடுத் துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே உறையில் போடுங்கள்.

படி 4: பெட்டியை மூடுவது

மழை விட்டு வெயில் அடிக்கும் ஒரு மதியம் பாருங்கள். கொன்சோலை ஒரு மணி நேரம் ஓடவிட்டால் அதன் சூடே உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேற்றும். அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டு, பிளாஸ்டிக்கில் சுற்றாமல், அப்படியே பெட்டிக்குள் வையுங்கள். சிலிக்கா ஜெல்லை மெல்லிய துணிப் பையில் கட்டி ஒரு மூலையில் வைத்து, மீட்டரை வெளியிலிருந்து பார்க்கும்படி திருப்பி வைத்து மூடுங்கள்.

இங்கேதான் நான் இரண்டாவது தடவை ஏமாந்தேன். இந்த முறை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன் என்று நினைத்து, கொன்சோலையும் 18 டிஸ்க்குகளையும் அதனதன் புத்தகங்களோடு வைத்தேன், அந்த அட்டைப் பெட்டியையும் மடித்து அடியில் போட்டேன். மூன்றே நாளில் மீட்டர் 41க்கு இறங்கியது, எனக்குச் சந்தோஷம். மூன்று வாரத்தில் திரும்ப 62. மூடி சரியில்லை என்று ரப்பர் வாரைத் திட்டிக்கொண்டு ஜெல்லை எடுத்து நிறுத்தேன், 200 கிராம் வைத்தது 256 ஆகியிருந்தது. 56 கிராம் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்து வந்திருக்க முடியாது. எங்கள் வீட்டுக் குளிருக்கு 40 லீட்டர் காற்றில், எவ்வளவு ஈரமாக இருந்தாலும், ஒரு கிராம் தண்ணீர்கூட இருக்காது. அட்டையையும் புத்தகங்களையும் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. மழைக்காலத்தில் காகிதம் தன் எடையில் பத்திலொரு பங்குக்கு மேலேயே ஈரம் வைத்திருக்கும். பெட்டிக்குள் போனதும் அது மெதுவாக அதைக் கக்கியது, என் ஜெல் முழுக்க அதைக் குடிப்பதிலேயே தீர்ந்துபோனது. அட்டை, புத்தகம், ஸ்பொஞ்ச், துணி எல்லாவற்றையும் எடுத்து வேறு பெட்டியில் போட்டு, உலர்த்திய ஜெல்லோடு மறுபடி மூடினேன். ஆறு வாரம் கழித்தும் 46 தாண்டவில்லை. நமக்குத் தேவை 40க்கும் 50க்கும் நடுவில்தான்.

பெட்டியைச் சிமெந்துத் தரையிலோ, மழை அடிக்கும் சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். உள்சுவரோரம், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு பலகை போதும். அடுப்புக்கு மேல் பரணும் வேண்டாம், பகலில் சூடேறி இரவில் குளிரும்.

படி 5: ஜெல்லை உலர்த்துவது

மீட்டர் 55ஐத் தாண்டினால், அல்லது மணிகள் பச்சையானால், ஜெல்லைப் பையிலிருந்து கொட்டிப் பழைய தாச்சியில் மிகச் சிறிய தீயில் கிளறுங்கள். புகையவோ கருகவோ விடக்கூடாது. நிறம் திரும்பியதும் நம்பிவிடாமல் தராசில் வையுங்கள், 200க்கு வந்தால்தான் முடிந்தது. எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வெயிலில் காயவைப்பது நம்மூரில் சரிவராது, வெளிக் காற்றே ஈரமாக இருக்கும்போது அது எங்கே காய்வது. ஆறும்போதும் மூடி போட்ட போத்தலுக்குள் ஆறவிடுங்கள், இல்லையென்றால் திறந்து கிடக்கும் நேரத்திலேயே திரும்பக் குடிக்கத் தொடங்கிவிடும்.

படி 6: திறப்பது

பொங்கலுக்கு வந்த தம்பி, பயணப் பையைக்கூட இறக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனான், அங்கேதான் கதகதப்பு. நான் மூடிமேல் கையை வைத்துக்கொண்டேன். பெட்டி இருந்த அறை 14 பாகை. அடுப்படி 22 பாகை, சோறு கொதித்துக்கொண்டிருந்ததால் ஈரப்பதம் 80. அந்தக் காற்று 18 பாகையைவிடக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் அதன்மேல் நீராகப் படியும். 14 பாகையில் இருக்கும் லென்ஸும் போர்டும் அந்த நேரத்தில் திறந்தால், ஐஸ் தண்ணீர்க் கிளாஸ் போல ஒரு நிமிஷத்தில் வியர்த்துவிடும், அதற்குமேல் சுவிட்சைப் போட்டால் இத்தனை மாசம் காத்ததும் போச்சு.

மூடியபடியே அடுப்படியிலிருந்து தள்ளி, நடு அறையில் மூன்று மணி நேரம் வைத்தோம். அவன் அந்த நேரத்துக்குள் இரண்டு தடவை தேத்தண்ணி குடித்து, நாலு தடவை பெட்டியைத் தட்டிப் பார்த்தான்.