காரணவாரி டவுன்டைம் கூட்டல் ஏன் இடித்தது

மாத அறிக்கையில் சேவை நின்ற நிமிடங்களைக் காரணவாரியாகக் கூட்டினால் 70 வந்தது. மானிட்டரிங்கோ 50 என்றது. ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இரண்டு இன்சிடென்ட்கள்தான் காரணம். டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றது 02:10 முதல் 02:50 வரை. நெட்வொர்க் ஸ்விட்ச் பழுது 02:30 முதல் 03:00 வரை. நடுவில் 20 நிமிடம் இருமுறை எண்ணப்பட்டிருந்தது.

நேர இடைவெளிகளைத் தொடக்க நேரப்படி அடுக்கி, ஒன்றுடன் ஒன்று சேர்பவற்றை இணைத்த பிறகே சேவை இயங்கிய நேரத்தின் சதவீதம் போட்டேன். 30 நாள் மாதத்துக்கு 43,200 நிமிடம்:

```
(43200 - 50) / 43200 * 100 = 99.884
```

70 என்று போட்டிருந்தால் 99.838. ஒப்பந்த வரம்பு 99.85 என்றால் வீணாக அபராதம்!

பொதுவான 20 நிமிடத்தை முதலில் தொடங்கிய காரணத்துக்கே எழுதினேன்: டிஸ்க் 40, ஸ்விட்ச் 10. இது வெறும் கணக்கு வழக்கம்தான். ஆகவே ஸ்விட்ச் வரிசையில் உண்மையான 30 நிமிடத்தையும் தனி நெடுவரிசையில் காட்டினேன். இல்லாவிட்டால் அந்தப் பழுது சிறியதாகத் தெரியும்.