‘வெப்ப ஓட்டம்’ என்று எழுதாதீர்கள்: மின்வாகன பேட்டரி பேக் கையேட்டைத் தமிழாக்கும் முறை

மின் ஸ்கூட்டரின் பேட்டரி பேக்கைக் கழற்றுவது, சோதிப்பது, சேதமடைந்தால் கையாள்வது எப்படி என்று சொல்லும் ஆங்கிலக் கையேடு ஒன்று உங்களிடம் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழில் அதைப் படிக்கப்போகிறவர் ஓசூர்ப் பக்கத்துப் பழுதுநீக்கும் நிலையம் ஒன்றில் வேலை செய்யும், ஐ.டி.ஐ. முடித்த இளைஞர். ஒரு கையில் கையேடும் மறுகையில் ஸ்பேனருமாக நின்றுகொண்டு படிப்பார். அவருக்காக நான் செய்த இப்படியொரு மொழிபெயர்ப்பில் எங்கெல்லாம் தடுமாறினேனோ, அந்த இடங்களில்தான் இந்த விளக்கம் அதிகநேரம் நிற்கும்.

படி 1: அகராதியை எடுக்கும் முன் பேக்கைப் பாருங்கள்

கையேட்டில் இருக்கும் வரைபடத்தை விரித்து எண்ணிப் பாருங்கள். நான் மொழிபெயர்த்த கையேட்டின் பேக் இப்படி இருந்தது: உருளை வடிவச் செல்கள் பத்துப் பத்தாகப் பக்க இணைப்பில் சேர்ந்து ஒரு குழு. அப்படி ஏழு குழுக்கள் தொடர் இணைப்பில் சேர்ந்தால் ஒரு மாட்யூல். இரண்டு மாட்யூல்கள் மீண்டும் தொடராகச் சேர்ந்து, பி.எம்.எஸ். எனப்படும் மேலாண்மைப் பலகையோடு ஒரு பெட்டிக்குள் அடங்கினால் பேக். மொத்தம் 140 செல்கள்.

ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஆகவே மாட்யூலுக்கு 25.2 வோல்ட், பேக்குக்கு 50.4 வோல்ட். முழுதாக சார்ஜ் ஏறிய செல் 4.2 வோல்ட்டைத் தொடுமென்பதால் பேக் 58.8 வோல்ட் வரை போகும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். கையேட்டில் ஒரு எண் வரும்போது அது செல்லைப் பற்றியதா, மாட்யூலைப் பற்றியதா, பேக்கைப் பற்றியதா என்று தாள் சொல்லிவிடும்.

இதே தாளால் இன்னொரு பிழையும் தவிர்ந்தது. ஆங்கிலத்தில் ‘டிஸ்சார்ஜ்டு பேக்’ என்று இருந்த இடத்தை முதல் வரைவில் ‘காலியான பேக்’ என்று எழுதியிருந்தேன். ஒவ்வொரு செல்லும் 3 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையிலும் அந்தப் பேக்கில் 42 வோல்ட் இருக்கும். செல்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரின் மேல் ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் உலோகம் உருகித் தெறிக்க அது போதும். ‘காலி’ என்ற சொல் பயத்தைப் போக்கிவிடுகிறது. ‘சார்ஜ் இறங்கிய பேக்’ என்று மாற்றினேன். அதேபோல, பி.எம்.எஸ். வெளியீட்டைத் துண்டித்திருந்தால் வெளி கனெக்டரில் மல்டிமீட்டர் சுழியம் காட்டும், உள்ளே 50 வோல்ட் அப்படியே இருக்கும். ஆகவே ‘மின்னழுத்தம் இல்லை’ என்று எழுதக் கூடாது. ‘வெளி முனையில் மின்னழுத்தம் இல்லை’ என்றே எழுத வேண்டும்.

படி 2: செல், மாட்யூல், பேக் ஆகிய மூன்றுக்கும் பெயரை உறுதிசெய்யுங்கள்

பள்ளிப் பாடநூலில் செல் என்பது மின்கலம், பேட்டரி என்பது மின்கல அடுக்கு. செய்தித்தாளிலோ முழு பேட்டரியையே மின்கலம் என்கிறார்கள். இரண்டையும் படித்து வளர்ந்த ஒருவர் ‘மின்கலத்தைத் தனியே எடுக்கவும்’ என்ற வரியைப் பார்த்தால், பேக்கை எடுப்பதா அதற்குள்ளிருக்கும் ஒரு செல்லை எடுப்பதா? பேக்கை எடுப்பது அன்றாட வேலை. செல்லைப் பிய்த்தெடுப்பது அந்த நிலையத்தில் நடக்கவே கூடாத வேலை.

மாட்யூலுக்கு ‘தொகுதி’, பேக்குக்கு ‘தொகுப்பு’ என்று வைத்துப் பார்த்தேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல சொற்கள். ஒரே பக்கத்தில் இருபது முறை மாறி மாறி வரும்போது கண் இரண்டையும் ஒன்றாகவே விழுங்கிவிடுகிறது. ‘தொகுதியின்’, ‘தொகுப்பின்’ என்று வேற்றுமை உருபு ஏறியபின் இன்னும் மோசம். 25 வோல்ட்டை எதிர்பார்த்து முனையைத் தொடுகிறவர் 50 வோல்ட்டைச் சந்திப்பார்.

பட்டறையில் எல்லோரும் செல், மாட்யூல், பேக் என்றுதான் சொல்கிறார்கள். அவற்றையே வைத்துக்கொண்டேன். தமிழ்ச் சொல்லின் மேல் எனக்குப் பற்று உண்டு. ஆனால் இங்கே அளவுகோல், மூன்று பொருள்களும் ஒரு நொடியில் பிரிந்து தெரிய வேண்டும் என்பதே. கையேட்டின் முதல் பக்கத்தில் படத்தோடு ஒருமுறை விளக்கிவிட்டு, கடைசிப் பக்கம் வரை ஒரு பொருளுக்கு ஒரு பெயரை மட்டும் பயன்படுத்துங்கள். கட்டுரை எழுதும்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாதே என்று கற்றுத்தந்திருப்பார்கள். கையேட்டில் அந்தப் பாடத்தை மறந்துவிடுங்கள்.

படி 3: ‘தெர்மல் ரன்அவே’ என்றால் என்ன நடக்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இந்தச் சொல்லுக்கு மட்டும் எனக்கு மூன்று நாள் ஆனது. முதலில் ‘வெப்ப ஓட்டம்’ என்று எழுதினேன். படித்துப்பார்த்த தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர், “குளிர்விப்பான் குழாயில் ஓடுகிற சூட்டைச் சொல்கிறீர்களா, சார்?” என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். ஓட்டம் என்றால் நமக்கு நீரோட்டம், மின்னோட்டம், அதாவது சீராகப் போவது. அடுத்து ‘தீப்பிடித்தல்’ என்று மாற்றினேன். அது இன்னும் ஆபத்தான பிழை. ஏன் என்று தெரிய, செல்லுக்குள் போக வேண்டும்.

அடிபட்டோ, உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டோ, அளவுக்குமேல் சார்ஜ் ஏறியோ ஒரு செல் சூடாகிறது. சூடு ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது கிராஃபைட் முனையின் மேலிருக்கும் மெல்லிய பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்குகிறது. அந்தச் சிதைவே வெப்பத்தை வெளிவிடும். 130 டிகிரி அளவில், இரு முனைகளையும் பிரித்துவைக்கும் பாலிஎத்திலீன் தாள் உருகுகிறது. முனைகள் தொட்டுக்கொள்ள, இன்னும் சூடு. அதற்கும் மேலே, 200 டிகிரியையொட்டி, நிக்கல் கலந்த நேர்முனை ஆக்சிஜனை விடத் தொடங்குகிறது. செல் வெளியே இழக்கும் சூட்டைவிட உள்ளே பிறக்கும் சூடு அதிகமாகிவிட்ட கணத்திலிருந்து, சார்ஜரைப் பிடுங்கினாலும் அது நிற்காது. அதுதான் தெர்மல் ரன்அவே.

இதில் சுடர் கட்டாயமில்லை என்பதைக் கவனியுங்கள். பல நேரங்களில் முதலில் வருவது ‘உஸ்’ என்ற ஒலியும் வெண்ணிறப் புகைபோன்ற ஆவியும்தான். அந்த ஆவியில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் எரியக்கூடிய கரைப்பான் ஆவியும் கலந்திருக்கும். மூடிய அறையில் சேர்ந்தால் வெடிக்கும். ‘தீப்பிடித்தால் விலகிச் செல்லவும்’ என்று எழுதியிருந்தால், படித்தவர் சுடருக்காகக் காத்துக்கொண்டு அந்த ஆவிக்குள் நிற்பார்.

‘கட்டுமீறிப் போய்விட்டது’ என்ற பேச்சு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கையைவிட்டுப் போனது, இனி திரும்பாது என்ற பொருள் அதில் இருக்கிறது. ஆகவே ‘வெப்பக் கட்டுமீறல்’ என்று வைத்தேன். முதல்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்த்தேன்: ‘செல் தன் சூட்டாலேயே மேலும் மேலும் சூடாகி, நிறுத்த முடியாத நிலைக்குப் போவது.’

இதோடு ஒட்டிவரும் மூன்று சொற்களைத் தனித்தனியே நிறுத்துங்கள். ‘ஓவர்ஹீட்டிங்’ என்பது அதிகச் சூடு. அது கட்டுக்குள் திரும்பக்கூடியது. ‘தெர்மல் ப்ராபகேஷன்’ என்பது ஒரு செல்லின் கட்டுமீறல் பக்கத்துச் செல்லுக்குத் தாவுவது. நான் ‘வெப்பப் பரவல்’ என்றேன். இருசக்கர, மூன்று சக்கர மின்வாகனங்களுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிமுறையில் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தப் பரவலைத் தனியாகக் கவனத்தில் கொள்கிறது. கையேட்டில் கட்டுமீறலும் பரவலும் அடுத்தடுத்த வரிகளில் வரக்கூடும். மூன்றாவது, தீ.

படி 4: ஒரு பத்தியைச் சேர்ந்தே மொழிபெயர்ப்போம்

அவசரநிலைப் பகுதியில் ஒரு வாக்கியம்: செல் ‘வென்ட்’ ஆனால், பேக்கை ‘ஐசொலேட்’ செய்து, அந்த இடத்தை ‘வென்டிலேட்’ செய்யவும்.

என் முதல் வரைவு: ‘செல்லில் காற்றோட்டம் ஏற்பட்டால், பேக்கைத் துண்டித்து, காற்றோட்டம் ஏற்படுத்தவும்.’ தமிழாகப் படிக்க இடறவில்லை. ஆனால் பிழை இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதல் ‘வென்ட்’, செல்லின் பாதுகாப்பு வால்வு திறந்து வாயு பீறிடுவது. காற்றோட்டத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இரண்டாவது பிழை ‘ஐசொலேட்’. மின்னியல் கையேட்டில் அது கனெக்டரைக் கழற்றி மின்தொடர்பைத் துண்டிப்பதாக இருக்கலாம். பேக்கை மற்றவற்றிலிருந்து தள்ளி வைப்பதாக இருக்கலாம். ஆட்கள் அண்டாமல் அந்த இடத்தை அடைப்பதாகவும் இருக்கலாம். வாயு பீறிடும் பேக்கின் கனெக்டரைக் கழற்றக் குனிகிறவரின் முகம் நேராக வாயுவுக்குள் இருக்கும். இந்த மாதிரி இடத்தில் ஊகிக்கக் கூடாது. மூலத்தை எழுதிய பொறியாளருக்கு, மூன்று பொருளையும் தனித்தனியே எழுதி, எது என்று கேட்டேன். யாரும் பேக்கைத் தொடக் கூடாது, ஆட்களைத்தான் விலக்க வேண்டும் என்று பதில் வந்தது. ஆங்கில மூலத்தையும் அவர் திருத்திக்கொண்டார்.

இறுதி வடிவம்:

> அபாயம்: செல்லிலிருந்து ‘உஸ்’ என்ற ஒலியோ வெண்ணிற ஆவியோ வந்தால்
> 1. பேக்கைத் தொடாதீர்கள். கனெக்டரைக் கழற்ற முயலாதீர்கள்.
> 2. எல்லோரும் உடனே வெளியேறுங்கள்.
> 3. போகும் வழியில் உள்ள கதவு, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். அதற்காக நிற்காதீர்கள்.
> 4. தீயணைப்புத் துறையை அழைத்து, லித்தியம் அயன் பேட்டரி என்று சொல்லுங்கள்.

ஒரு வரி நான்காகியிருக்கிறது. வடிவமைப்பாளர் இடம் போதவில்லை என்று சொன்னார். விளம்பரப் படம் ஒன்றை எடுத்துவிட்டு இடம் வாங்கினோம்.

படி 5: ‘முன்’ என்ற சொல்லையும் ‘கூடாது’ என்ற சொல்லையும் தேடுங்கள்

‘மூடியை அகற்றுவதற்கு முன் 5 நிமிடம் காத்திருக்கவும்’ என்பது இலக்கணப்படி சரியான தமிழ். ஆனால் பின்னால் செய்யவேண்டிய வேலை வாக்கியத்தில் முதலில் வந்து நிற்கிறது. படித்துக்கொண்டே கைவேலை செய்கிறவர் ‘மூடியை அகற்று’ வரை வந்ததும் கை மூடிக்குப் போகும். இரண்டாக உடையுங்கள்: ‘5 நிமிடம் காத்திருங்கள். பிறகு மூடியை அகற்றுங்கள்.’

‘கூடாது’ இதற்கு நேர்மாறு. நம் மொழியில் மறுப்பு கடைசியில்தான் வரும். ‘சேதமடைந்த பேக்கைத் துளையிடவோ, நசுக்கவோ, நீரில் மூழ்கிய பின் சார்ஜ் ஏற்றவோ கூடாது’ என்ற வரியில் கடைசிச் சொல் வரும் வரை எல்லாமே கட்டளைபோல் ஒலிக்கிறது. ‘செய்யக் கூடாதவை’ என்று மேலே தலைப்பிட்டு, கீழே ‘துளையிடாதீர்கள்’, ‘நசுக்காதீர்கள்’ என்று ஒவ்வொன்றாக எழுதினால் குழப்பம் போய்விடும்.

படி 6: வாசித்துக் காட்டாதீர்கள், செய்துகாட்டச் சொல்லுங்கள்

முடிந்த வரைவை அந்த வேலை தெரிந்த ஒருவரிடமும் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடமும் கொடுங்கள். “புரிகிறதா, தம்பி?” என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, பேட்டரி எதுவும் இல்லாத வெற்றுப் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்து, ‘வெள்ளை ஆவி வருகிறது, இந்தப் பக்கத்தைப் பார்த்துச் செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

என் இரண்டாம் வரைவில் புதிய பையன் ஒருவர் வெளியே போகாமல் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார். மேலே உள்ள மூன்றாவது வரியின் ‘அதற்காக நிற்காதீர்கள்’ அன்று சேர்ந்ததுதான். அடுத்த முறை அவர் வாசல் பக்கத்து ஜன்னலை மட்டும் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார்.