விழுந்த பால்பல்லைத் திரும்பச் செருகாதீர்கள்

சென்ற மாதம் கோண்டாவிலில் இருந்து ஓர் இளம் தகப்பன் இருபது மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிணற்றடிச் சீமெந்தில் வழுக்கி, உடுப்புத் தோய்க்கிற கல்லில் பிள்ளைக்கு வாய் அடிபட்டிருக்கிறது. மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்று விழுந்துவிட்டது. அவர் பதறவில்லை. பல்லைத் தேடி எடுத்து, தண்ணீரில் அலசி, அது இருந்த குழியிலேயே திரும்பச் செருகி, லேஞ்சியால் அமத்திப் பிடித்தபடி ஓட்டோவில் வந்து இறங்கினார். "டொக்டர், பத்து நிமிஷத்துக்குள்ள வைச்சிட்டன்" என்றார்.

நான் அந்தப் பல்லை வெளியே எடுத்தேன். அவருடைய முகம் சுருங்கிவிட்டது. அவர் செய்தது அத்தனையும் ஒரு வளர்ந்த பிள்ளைக்குச் சரியான முதலுதவி. பால்பல்லுக்கு மட்டும் அது பிழை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையே செய்திருக்கிறேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

பால்பல்லைக் குழிக்குள் திரும்ப வைப்பது

மேல் முன்பால்பல்லின் வேருக்குப் பின்னால், அண்ணப் பக்கமாக, எலும்புக்குள் நிரந்தரப் பல்லின் முளை இருக்கிறது. அது ஆறு, ஏழு வயதில்தான் வெளியே வரும். ஆனால் அதன் வெளி ஓடான எனாமல் பிறந்து சில மாதங்களிலேயே உருவாகத் தொடங்கி, நாலு, ஐந்து வயது வரை உருவாகிக்கொண்டிருக்கும். பிள்ளை நடைபழகி விழுகிற வயதும் அதே வயதுதான். கழன்ற பல்லை அழுத்தி ஏற்றும்போது குழிக்குள் உறைந்த இரத்தமும் வேரின் நுனியும் அந்த முளையில் போய் முட்டலாம். திரும்ப வைத்த பல்லின் உள்நரம்பு செத்து, வேரடியில் சீழ் பிடித்தாலும் அந்தச் சீழ் தேங்குவது முளைக்குப் பக்கத்தில்தான். பல் பிடிக்காமல் ஆடினால் நித்திரையில் கழன்று மூச்சுக்குழாய்க்குள் போகிற ஆபத்தும் இருக்கிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் என்னிடம் வந்தது இரண்டரை வயதுகூட ஆகாத பெண் பிள்ளை. தாய் அழுதுகொண்டே "எப்படியாவது வைச்சு விடுங்கோ" என்று கேட்டார். நானும் வைத்தேன். பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டினேன். எட்டாம் நாள் மேலுதடு வீங்கி, முரசில் ஒரு வெள்ளைக் கொப்புளத்தோடு பிள்ளை காய்ச்சலில் வந்தாள். தகப்பன் கையைப் பிடிக்க, தாய் தலையைப் பிடிக்க, அதே பல்லை நானே பிடுங்கினேன். ஏழு வயதில் அவளுக்கு முளைத்த நிரந்தரப் பல்லின் நடுவில் மஞ்சளும் மண்ணிறமுமாக ஒரு சொரசொரப்பான பள்ளம் இருந்தது. விழுந்த அடியே அதைச் செய்திருக்கலாம், நான் அழுத்தி ஏற்றியதும் செய்திருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை. வெறுமனே விட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்றால், போனில் சுற்றுகிற முதலுதவிச் செய்திகளில் இருந்து. "பல் விழுந்தால் உடனே திரும்ப வையுங்கள், இல்லாவிட்டால் பாலில் போட்டு வாருங்கள்" என்ற அறிவுரை நிரந்தரப் பல்லுக்கு உரியது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியில் பிடித்து, அழுக்கிருந்தால் சட்டென்று அலசி, திரும்ப வைத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையில் விழுந்த முன்பல்லைப் பால்பல் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆறு, ஏழு வயதில் எந்தப் பல் என்று தெரியாவிட்டால் செருகாமல் பாலில் போட்டு, நேரம் போக்காமல் கொண்டு வாருங்கள்.

பல் எங்கே என்று பார்க்காமல் விடுவது

"பல் விழுந்து மண்ணுக்குள்ள போயிட்டுது" என்று சொல்லி வருபவர்களில் சிலருக்குப் பல் விழுந்தே இருக்காது. அது மேலே, முரசுக்குள் ஏறியிருக்கும். மானிப்பாயில் இருந்து வந்த ஒரு அம்மம்மா முற்றத்தை விளக்குமாற்றால் கூட்டி, மண்ணை அரித்தும் பார்த்துவிட்டு வந்திருந்தார். பிள்ளையின் உதட்டைத் தூக்கினேன். வீங்கிய முரசுக்குள் அரிசி நுனியளவு வெள்ளை தெரிந்தது. எக்ஸ்ரே எடுத்தபோது முழுப் பல்லும் உள்ளேயே இருந்தது. இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. நாலு மாதத்தில் அது தானாகவே கீழே இறங்கியது. இப்படி ஏறிய பல் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இறங்கிவிடும், சிலருக்கு ஒரு வருடமும் எடுக்கும்.

ஆகவே பல்லைத் தேடுங்கள். திரும்ப வைக்க அல்ல, அது உடம்புக்குள் இல்லை என்று தெரிந்துகொள்ள. உடைந்த துண்டு உதட்டுத் தசைக்குள்ளும் புதைந்திருக்கலாம். கிழிந்த உதட்டை விரலால் மெல்லத் தடவினால் கடினமாக ஏதோ தட்டுப்படும். பல்லும் கிடைக்கவில்லை, பிள்ளைக்கு விடாத இருமலும் மூச்சில் இரைச்சலும் இருக்கிறது என்றால் பல் வைத்தியரிடம் வராதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாயைப் பார்த்துத் தலையை மறப்பது

மயங்கினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாமல் தூங்கினால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். பல் பிறகு.

கோப்பித்தூள், மஞ்சள்

காயத்தில் வைக்க வேண்டாம்.

சுத்தமான ஈரத்துணியை மடித்துக் காயத்தில் வைத்து, பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அமத்திப் பிடியுங்கள். உதடு வீங்கினால் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை விட்டுவிட்டு வையுங்கள். நோவுக்குப் பரசிற்றமோல் சிறப் போதும். பத்துக் கிலோப் பிள்ளைக்கு, 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிறப் என்றால் ஒரு தடவைக்கு 6 மில்லிலீற்றர், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. காயத்தில் மண் பட்டிருந்தால் தடுப்பூசி போட்ட கார்டையும் எடுத்து வாருங்கள், ஏற்புத் தடுப்பூசி சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நுனி உடைந்தால் அலட்சியமாக இருப்பது

நுனி மட்டும் கொஞ்சம் போயிருந்தால் கூரான விளிம்பைத் தேய்த்துவிட்டால் போதும். உடைந்த இடத்தின் நடுவில் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் அது உள்நரம்பு. அன்றைக்கே காட்ட வேண்டும்.

நிறம் மாறியதும் பிடுங்கச் சொல்வது, அல்லது வராமலே விடுவது

அடிபட்ட பல் சில வாரங்களில் சாம்பல் நிறமாகலாம். பாட்டிமார் "பல் செத்துப்போச்சு, பிடுங்கிவிடுங்கோ" என்பார்கள். நிறம் மட்டும் மாறினால் பிடுங்கத் தேவையில்லை, சிலருக்கு அது திரும்ப வெளுத்தும் விடும். நான் பார்ப்பது முரசைத்தான். பல்லுக்கு மேலே பரு மாதிரிக் கொப்புளம், சீழ், வீக்கம், நாளுக்கு நாள் கூடுகிற ஆட்டம் இருந்தால் உடனே வாருங்கள். நோகவில்லை என்பதை நம்பாதீர்கள், சீழுக்கு வழி கிடைத்துவிட்டால் நோவு நின்றுவிடும்.

முதல் ஒரு வாரம் பத்து நாளைக்கு இடியப்பத்தைப் பாலில் ஊறவைத்துக் கொடுங்கள். பருத்தித்துறை வடையும் சூப்பியும் வேண்டாம். மென்மையான பிரஷால் பல்லைத் துலக்குவதை மட்டும் நிறுத்தாதீர்கள், காயம் ஆறாமல் போவது பெரும்பாலும் அழுக்குச் சேர்வதால்தான்.

கோண்டாவில் தகப்பன் கடைசியாகக் கேட்டது, "அப்ப இவன் ஆறு வயசு மட்டும் ஓட்டைப் பல்லோடயா இருக்கப்போறான்?" என்றுதான். ஆம், அப்படித்தான். இடியப்பத்தைக் கடிக்கவும் கதைக்கவும் அது அவனைத் தடுக்காது. ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்குள் ஒரு தடவை குழி ஆறியதைப் பார்க்க வரச் சொன்னேன். அதற்குப் பிறகு, நிரந்தரப் பல் முளைக்கிற ஆறாவது வயதில் ஒரு தடவை. நாலு வருடத்துக்கு மேல் யாருக்கும் ஞாபகம் இருக்காது என்பதால், பிள்ளையின் கிளினிக் கார்டை வாங்கி முதல் பக்கத்திலேயே சிவப்புப் பேனையால் எழுதினேன்: "20 மாதத்தில் மேல் இடது முன்பால்பல் கழன்றது. வீட்டில் திரும்ப வைத்ததை எடுத்துவிட்டேன். ஆறு வயதில் எக்ஸ்ரே."