வண்டு வந்த அரிசியைச் சமைக்கலாமா?

அரிசியில் நாலைந்து வண்டு ஊர்ந்தால் உடனே கொட்டிவிடாதீர்கள். முறத்தில் புடைத்துவிட்டு, மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றிக் களையுங்கள். மிச்ச வண்டும் உள்ளே அரித்துக் கூடான அரிசியும் மேலே மிதக்கும், சாய்த்துவிடலாம். வண்டு அரிசிமணியைத் துளைத்து உள்ளேதான் முட்டையிடும். அது சலித்தால் போகாது, ஆனால் வேகும் சூட்டில் செத்துவிடும். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

மாவு விஷயம் வேறு. பழுப்பு நிற மாவு வண்டு விடும் கழிவு எந்தச் சல்லடையிலும் நிற்காது. சலித்த பிறகு ஒரு கைப்பிடி கோதுமை மாவை முகர்ந்து பாருங்கள். காரமான நெடி அடித்தாலோ, லேசாகச் சிவந்திருந்தாலோ குப்பைக்குத்தான். நூலாம்படை போல இழையோடிக் கட்டிகட்டியாக இருந்தால் அது அந்துப்பூச்சிப் புழுவின் வேலை. அதையும் சலித்துக் காப்பாற்ற வேண்டாம்.

பருப்பில் பூஞ்சணம் பிடித்து வாடை அடித்தால் வேகவைத்தும் பயனில்லை.