1:50,000-னு போட்டிருக்கற ஷீட்ல நிஜ தூரம் கண்டுபிடிக்கறது எப்படி

அக்கா பையன் மேப் ஒர்க்‌ஷீட் ஒண்ணு எடுத்துட்டு வந்தான். மேல ஸ்கேல் 1:50,000. பாலத்துக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல மேப்ல 6.4 செ.மீ இருக்கு, நிஜத்துல எவ்ளோ தூரம்னு கேள்வி. நான் ரொம்ப கெத்தா 6.4-ஐ 50,000-ஆல பெருக்கி 3,20,000 எடுத்து, கிலோமீட்டர்னா ஆயிரத்தால வகுக்கணும்ல, வகுத்து 320 கி.மீ-னு எழுதிக் குடுத்துட்டேன். அவன் பாத்துட்டு, "மாமா, 320 கிலோமீட்டர்னா இவங்க டெய்லி எப்படி ஸ்கூலுக்குப் போவாங்க, ஹாஸ்டல்ல தான் தங்கணும்"னான். அப்புறம் தான் உக்காந்து எங்க சொதப்பினேன்னு பாத்தேன், அதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல ஒரு சின்ன விஷயம். நாம கோடு போடற கட்டையையும் ஸ்கேல்னு சொல்றோம், மேப்ல இருக்கற விகிதத்தையும் ஸ்கேல்னு சொல்றோம். குழப்பம் வேணாம், இந்த போஸ்ட்ல கட்டைக்கு ரூலர், விகிதத்துக்கு மட்டும் ஸ்கேல்.

ஸ்டெப் 1: விகிதத்தை ஒரு வாக்கியமா எழுதுங்க

1:50,000-ல யூனிட்டே கிடையாது. மேப்ல ஒண்ணுன்னா தரையில அதே மாதிரி ஐம்பதாயிரம், அவ்ளோதான். நாம ரூலர்ல செ.மீ-ல அளக்கறதால ரெண்டு பக்கமுமே செ.மீ ஆயிடுது, 1 செ.மீ = 50,000 செ.மீ. நான் விழுந்த பள்ளம் இங்க தான். பெருக்கி வந்த 3,20,000 செ.மீ-ல இருக்கு, நான் அதை மீட்டர்னு நினைச்சு ஆயிரத்தால வகுத்துட்டேன். 100 செ.மீ ஒரு மீட்டர், 1000 மீட்டர் ஒரு கி.மீ, அப்போ ஒரு கி.மீ-ல 1,00,000 செ.மீ.

அதனால இப்பல்லாம் நான் கேள்வியைப் படிக்கறதுக்கு முன்னாடியே ஸ்கேலை மாத்தி ஷீட் ஓரத்துல எழுதிடுவேன். கடைசி ரெண்டு சைபரை விரலால மூடினா மீட்டர், அஞ்சு இடம் தள்ளி புள்ளி வெச்சா கி.மீ.

1 செ.மீ = 50,000 செ.மீ = 500 மீ = 0.5 கி.மீ

இந்த ஒரு வரி எழுதியாச்சுன்னா பெரிய நம்பர் எதையும் தொடவே வேணாம். 6.4 × 0.5 = 3.2 கி.மீ, முடிஞ்சுது. நடந்தா முக்கால் மணி நேரம் ஆகும், ஸ்கூலுக்குப் போற தூரம் தான். ஒவ்வொரு விடையையும் இப்படி ஒரு தடவை நடந்து பாத்துடுங்க, யூனிட் தப்பு பண்ணியிருந்தா விடை நூறு மடங்கு ஆயிரம் மடங்குன்னு எகிறும், உடனே தெரிஞ்சிடும்.

திருப்பிக் கேட்டா வகுக்கணும். நிஜத்துல 1.75 கி.மீ, மேப்ல எவ்ளோன்னா 1.75 ÷ 0.5 = 3.5 செ.மீ. பெருக்கறதா வகுக்கறதான்னு டவுட் வந்தா, எத்தனை அரை கிலோமீட்டர் இருக்குன்னு எண்ணிப் பாருங்க, மூணரை. வீட்டு பிளான்லயும் இதே கதை தான், 1:50-னா 1 செ.மீ = அரை மீட்டர், 4.5 மீட்டர் சுவர் 9 செ.மீ கோடு. ஸ்கேலே தெரியாது, 8 செ.மீ-க்கு 2 கி.மீ-னு மட்டும் குடுத்திருக்கான்னா, 2,00,000 ÷ 8 = 25,000, ஸ்கேல் 1:25,000.

ஸ்டெப் 2: அளக்கறது

நேர் கோடுன்னா ரூலரோட ஓரத்துலருந்து அளக்காதீங்க, 0 கோட்டுலருந்து அளங்க. நிறைய ரூலர்ல ஓரத்துக்கும் 0-க்கும் நடுவுல கொஞ்சம் இடம் விட்டிருப்பான். 1:50,000-ல ஒரு மி.மீ தப்பினா தரையில 50 மீட்டர் தப்பு.

வளைஞ்ச ரோட்டுக்கு எல்லாரும் நூல் வைக்கச் சொல்வாங்க, எனக்கு நூல் சுத்தமா புடிக்காது, இழுத்தா நீளும், விட்டா நழுவும். பேப்பர் துண்டு தான் பெஸ்ட். நேரா இருக்கற ஓரத்தை ரோடு ஆரம்பிக்கற எடத்துல வெச்சு ஒரு கோடு போடுங்க. ரோடு பேப்பரை விட்டு விலகற எடத்துல பென்சில் முனையை அழுத்திப் புடிச்சுக்கிட்டு, அந்த முனையைச் சுத்தி பேப்பரைத் திருப்பி அடுத்த துண்டு ரோட்டுக்கு நேரா கொண்டு வாங்க. இப்படியே கடைசி வரைக்கும் போய் அங்க ஒரு கோடு. முதல் கோட்டுக்கும் கடைசி கோட்டுக்கும் நடுவுல அளந்தா மொத்த நீளம் கெடைச்சிடும்.

ஸ்டெப் 3: பரப்பளவு கேட்டா மட்டும் உஷார்

அதே ஷீட்ல ஏரி ஒண்ணு, செவ்வகம் மாதிரி, 3 செ.மீ நீளம் 2 செ.மீ அகலம். 6 சதுர செ.மீ, அதை 0.5-ஆல பெருக்கி 3 சதுர கி.மீ-னு தான் கை தானா எழுதும். தப்பு. நீளத்தையும் அகலத்தையும் முதல்லயே நிஜ தூரமா மாத்திடுங்க, 1.5 கி.மீ, 1 கி.மீ, அப்போ பரப்பு 1.5 சதுர கி.மீ. மேப்ல ஒரு சதுர செ.மீ-ங்கறது தரையில அரை கிலோமீட்டருக்கு அரை கிலோமீட்டர், அதாவது கால் சதுர கி.மீ தான், அரை இல்ல. இந்த தப்புல விடை ஒண்ணும் அபத்தமா தெரியாது, வெறும் ரெண்டு மடங்கு தான், அதனால நடந்து பாக்கற டெஸ்ட்ல மாட்டவே மாட்டாது.

அப்டேட்: இதே ஷீட்டை பிரிண்ட் எடுத்து அளந்தா 6.1 செ.மீ தான் வருது, விடை 3.05 கி.மீ ஆகுதுன்னு ஒருத்தர் கமென்ட்ல கேட்டிருந்தார். அவர் மேல தப்பில்ல, பிரிண்டர் மேல தான். பேப்பருக்குள்ள அடங்கற மாதிரி பிரிண்ட் எடுக்கற செட்டிங் ஆன்ல இருந்திருக்கு, படம் சுருங்கிடுச்சு. படம் சுருங்கினாலும் மேல எழுதியிருக்கற 1:50,000 அப்படியே தானே இருக்கும், அது இப்போ பொய்.

கண்டுபிடிக்கறது ஈஸி. மேப் கீழ கட்டம் கட்டமா ஒரு கோடு இருக்கும்ல, கோட்டு அளவை, அதை அளங்க. 1:50,000-ல 2 கி.மீ கோடு சரியா 4 செ.மீ இருக்கணும். அவருக்கு 3.8 வந்துச்சு, அதாவது 95 சதவீதமா சுருங்கியிருக்கு. மறுபடி பிரிண்ட் எடுக்கறதா இருந்தா 100 சதவீதம்னு வெச்சு எடுங்க. அதுக்கு வழியில்லன்னா விகிதத்தை மறந்துட்டு கோட்டு அளவையை மட்டும் நம்புங்க, மேப்போட சேர்ந்து அதுவும் சுருங்கியிருக்கறதால அது பொய் சொல்லாது: 6.1 ÷ 3.8 × 2 = 3.21. அளக்கறதுல வர்ற கொசுறு தப்பைக் கழிச்சா அதே 3.2 கி.மீ தான்.

ஜெராக்ஸ்ல பெருசு பண்ணி எடுத்த ஷீட்டுக்கும், போன்ல ஜூம் பண்ணிப் பாக்கற மேப்புக்கும் இதே கணக்கு தான். கோட்டு அளவையும் இல்ல, வெறும் விகிதம் மட்டும் தான் இருக்குன்னா, அந்த பேப்பர்ல ரூலர் வெச்சு எடுத்த விடையை நான் நம்ப மாட்டேன்.