12 வோல்ட் சப்ளையில் இரைச்சல்: கெப்பாசிட்டரின் அளவைக் கணக்கிடும் முறை

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டிற்காக நான் கட்டிய சிறிய ஆம்ப்ளிஃபயர், ஒலியைக் கூட்டியதும் 'ம்ம்ம்' என்று இரையத் தொடங்கியது. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் டயோடுகள், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 7812 ரெகுலேட்டர் ஆகியவை அதன் சப்ளையில் இருந்தன. இவற்றை இணைக்கும் முறை பலருக்கும் தெரிந்ததே என்பதால் நேராகக் கணக்கிற்கு வருகிறேன்.

டிரான்ஸ்ஃபார்மரின் 12 வோல்ட்டுக்கு உச்சம் சுமார் 17 வோல்ட். பிரிட்ஜில் ஒரே நேரத்தில் இரண்டு டயோடுகள் வழியாக மின்னோட்டம் செல்வதால் 1.4 வோல்ட் குறைந்து, கெப்பாசிட்டரில் 15.5 வோல்ட் ஏறுகிறது. நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால் உச்சம் நொடிக்கு 100 முறை வருகிறது. இரண்டு உச்சங்களுக்கு இடையிலான 10 மில்லிநொடியில் பெரும்பகுதி நேரம் கெப்பாசிட்டர் மட்டுமே சுமைக்கு மின்னோட்டம் தருகிறது. அப்போது இறங்கும் வோல்ட் அளவே ரிப்பிள். கீழே I என்பது சுமை எடுக்கும் மின்னோட்டம், ஆம்பியரில்; என் ஆம்ப்ளிஃபயருக்கு 0.5 என்று கொண்டேன். C என்பது கெப்பாசிட்டரின் அளவு, ஃபாரடில்.

```
ரிப்பிள் = I / (100 × C)
0.5 / (100 × 0.001) = 5 வோல்ட்
```

ஏறும் நேரத்தை இச்சூத்திரம் கணக்கில் கொள்ளாததால் உண்மை அளவு சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆயினும் கெப்பாசிட்டரைத் தேர்ந்தெடுக்க இதுவே பாதுகாப்பான கணக்கு.

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். டிசி அளவில் வைத்த மல்டிமீட்டர் கெப்பாசிட்டரில் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டியதால், 12 வோல்ட்டுக்கு இது போதும் என்று நம்பி, ஆம்ப்ளிஃபயர் போர்டையே இரண்டு நாட்கள் பிரித்துப் பார்த்தேன். மீட்டர் காட்டியது சராசரி. ரெகுலேட்டருக்கோ பள்ளமே கணக்கு. 7812-க்கு உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே செல்வதைவிடச் சுமார் 2 வோல்ட் கூடுதலாக, அதாவது 14 வோல்ட் இருக்க வேண்டும். சூத்திரத்தின்படி பள்ளம் 10.5 வோல்ட் வரை இறங்குவதால், நொடிக்கு நூறு முறை ரெகுலேட்டர் கைவிட்டுவிடுகிறது. அதுவே இரைச்சலாகக் கேட்கிறது.

2200 மைக்ரோஃபாரடில் ரிப்பிள் 2.3 வோல்ட் என்பதால் பள்ளம் 13.2, அதுவும் போதாது. 4700 மைக்ரோஃபாரடில் ரிப்பிள் 1.1 வோல்ட்டாகக் குறைந்து பள்ளம் 14.4-இல் நின்றதும் இரைச்சல் நின்றது. சுமையில்லாத போது மின்னழுத்தம் உயரும் என்பதால் 25 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டரையே வாங்குங்கள். 16 வோல்ட் வகையை நான் தொடவே மாட்டேன்.

பிற்சேர்க்கை: மாலையில் தோட்டத்து மோட்டார்கள் ஓடும்போது மட்டும் இரைச்சல் திரும்புவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வீட்டு மின்சாரம் 200 வோல்ட்டாக இறங்கினால் கெப்பாசிட்டரின் உச்சமே 13.4 வோல்ட்தான், அங்கு எவ்வளவு பெரிய கெப்பாசிட்டரும் உதவாது. அத்தகைய ஊர்களுக்கு 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரே சரி. 200 வோல்ட்டிலும் உச்சம் 17 இருப்பதால் 2200 மைக்ரோஃபாரடே போதுமானது. ஆனால் அது 35 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். மின்சாரம் முழு 230 வோல்ட் வரும்போது 7812-இல் 3 வாட்டுக்கு மேல் வெப்பமாகும் என்பதால், அதற்கு ஹீட் சிங்க் கட்டாயம் பொருத்துங்கள்.